செகண்ட் ஹேண்ட் கார்: நல்ல வண்டி ஏன் சந்தையில் நிற்பதில்லை? ஒரு சின்ன கணக்கு!

விருதுநகர், சிவகாசி பக்கம் பழைய கார் வாங்கப் போனால், கன்சல்டிங் கடையாக இருந்தாலும் தெரிந்தவர் மூலமாகப் பார்த்தாலும் ஒரே டயலாக்தான் கேட்கும். "சிங்கிள் ஓனர், கம்பெனி சர்வீஸ், ஒரு ரூபாய் செலவு இல்ல சார்!" நல்ல வண்டிக்காரரும் இதைத்தான் சொல்வார். மோசமான வண்டிக்காரரும் இதைத்தான் சொல்வார். வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்குது.

அட்வர்ஸ் செலக்‌ஷன் என்றால் என்ன?

விற்பவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல சரக்கு சந்தையை விட்டு விலகி, மோசமான சரக்கு மட்டும் தங்கிவிடும். இதைத்தான் பொருளாதாரத்தில் 'அட்வர்ஸ் செலக்‌ஷன்', அதாவது பாதகமான தேர்வு என்கிறார்கள். அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்தே இதை விளக்கினார். அந்தக் கட்டுரையை முதலில் மூன்று ஆய்விதழ்கள் ஏற்கவில்லை. ஆனால் 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஐந்து கார் கணக்கு

சிவகாசியில் ஒரே மாடல், ஒரே வருஷத்து கார்கள் ஐந்து விற்பனைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். வெளியே பார்க்க எல்லாம் ஒண்ணுதான். ஆனால் உள்ளே இருக்கும் நிலைமை ஓனர்களுக்குத் தெரியும். அதனால் அவர்கள் மனதில் உள்ள குறைந்தபட்ச விலை முறையே 5 லட்சம், 4 லட்சம், 3 லட்சம், 2 லட்சம், 1 லட்சம். வாங்குபவருக்கு ஒவ்வொரு கார் மேலும் ஓனரைவிட 30,000 ரூபாய் கூடுதல் மதிப்பு. உண்மை தெரிந்தால் ஐந்து காரும் விற்றுவிடும்.

ஆனால் எது எந்த கார் என்று தெரியாது. அதனால் வாங்குபவர் சராசரி போடுகிறார். ஓனர்களின் சராசரி 3 லட்சம், கூடவே 30,000. ஆக, அவர் கொடுக்கத் தயாரான விலை 3.30 லட்சம்.

இந்த விலைக்கு 5 லட்சம், 4 லட்சம் கார்க்காரர்கள் "எனக்கு கட்டுப்படியாகாது" என்று வண்டியைத் திரும்ப எடுத்துட்டுப் போயிடுவாங்க. மீதி மூன்று கார். இப்போது சராசரி 2 லட்சம், விலை 2.30 லட்சம். உடனே 3 லட்சம் கார் விலகும். மீதி இரண்டுக்கு விலை 1.80 லட்சம். அதைக் கேட்டு 2 லட்சம் கார்க்காரரும் கிளம்பிவிடுவார். கடைசியில் இருப்பது ஐந்திலேயே மோசமான ஒரு கார். விலை 1.30 லட்சம்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வாங்குபவர் ஜாக்கிரதையாக இருந்தார், அவ்வளவுதான். ஆனாலும் நடந்திருக்க வேண்டிய நான்கு வியாபாரம் நின்றுபோனது.

எப்போதும் இப்படித்தானா?

இல்லை. வாங்குபவருக்குக் காரின் தேவை அதிகம், அதன் கூடுதல் மதிப்பு 30,000 இல்லை, 1 லட்சம் என்று வைத்தால் முதல் விலை 4 லட்சம். 5 லட்சம் கார் மட்டும் விலகும். அடுத்து விலை 3.50 லட்சமாகி 4 லட்சம் காரும் போகும். பிறகு 3 லட்சத்தில் விலை நின்றுவிடும், மூன்று கார்கள் கைமாறும். சரிவு பாதியில் நிற்கலாம். ஆனால் முதலில் வெளியேறுவது எப்போதும் நல்ல வண்டிதான்.

சரிவை எப்படி நிறுத்துவது?

நல்ல கார்க்காரரால் சுலபமாகச் செய்ய முடிந்து, மோசமான கார்க்காரரால் முடியாத ஒன்றைக் கேட்க வேண்டும். உதாரணமாக, "என் மெக்கானிக்கிடம் காட்டலாமா, செலவு என்னுது" என்று கேளுங்கள். 5 லட்சம் கார்க்காரருக்கு இதில் லாபம்தான். 1 லட்சம் கார்க்காரர் தட்டிக்கழிப்பார். அந்தத் தயக்கமே ஒரு தகவல்.

2023 டிசம்பரில் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடி வெள்ளத்தில் மூழ்கியது நினைவிருக்கும். தண்ணீரில் நின்ற காரை கழுவி, பாலிஷ் போட்டால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை இருக்கலாம். சீட்டுக்குக் கீழே உள்ள தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, அந்த காரின் கடந்த சில வருஷ இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள். க்ளைம் செய்யாத ஒவ்வொரு வருஷத்துக்கும் 'நோ க்ளைம் போனஸ்' ஏறி, 50 சதவீதம் வரை போகும். நடுவில் அது பூஜ்ஜியமானால் காரணம் கேட்க வேண்டும். க்ளைம் எடுத்திருக்கலாம், பாலிசி காலாவதியாகியும் இருக்கலாம். ஆனால் இதை மட்டும் நம்பவும் கூடாது. அந்த போனஸ் காருக்கு இல்லை, ஓனருக்குச் சொந்தம். முந்தைய காரில் சேர்த்ததாகவும் இருக்கலாம். சொந்தக் காசில் டிங்கரிங் பார்த்த விபத்து எந்த பாலிசியிலும் வராது. அதற்கு மெக்கானிக் கண்தான் வேண்டும்.