தலக்காட்டு மணலும் ஒரு பித்தளை அம்மனும்: போலிப் படிமங்களை அறிவது குறித்து

சென்ற மாதம் மைசூரில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் வீட்டிற்கு என்னை அழைத்திருந்தார். பூசை அறையின் முன் ஒரு பட்டுத்துணியை விரித்து, அதன்மேல் ஏறத்தாழ ஓர் அடி உயரமுள்ள நின்ற கோல அம்மன் படிமம் ஒன்றை வைத்தார். மேடும் பள்ளமுமாகப் பச்சை படர்ந்திருந்தது. "தம்பி, இது தலக்காட்டு மணலில் கிடைத்ததாம். சோழர் காலம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

கதை நன்றாகவே புனையப்பட்டிருந்தது. மைசூருக்குத் தென்கிழக்கே காவிரிக்கரையில் உள்ள தலக்காடு கங்கர்களின் தலைநகரம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கைக்கு வந்து இராசராசபுரம் என்று பெயர் பெற்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போசள விட்டுணுவர்த்தனன் அதைக் கைப்பற்றினான். ஊரின் கோயில்கள் பிற்காலத்தில் மணலில் புதைந்தன என்பதும் எல்லோரும் அறிந்ததே. எனவே 'மணலிலிருந்து வந்த சோழப் படிமம்' என்றால் கேட்பவர் மறுத்துப் பேசத் தோன்றாது. ஆனால் ஒரு படிமம் தன் வரலாற்றைத் தன் உடலிலேயே சுமந்து நிற்கிறது. விற்பவரின் கதையும் அந்த உடலும் ஒத்துப்போகின்றனவா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு முதலில் வார்ப்பு முறையை நினைவில் கொள்ள வேண்டும். கலியாணச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய 'மானசோல்லாசம்' (இதன் மறுபெயர் 'அபிலஷிதார்த்த சிந்தாமணி') மெழுகு வார்ப்பைப் படிப்படியாக விவரிக்கிறது. இந்நூலின் முற்பகுதியை மைசூர் கீழ்த்திசை நூலகமே 1926 இல் பதிப்பித்தது. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் நுண்ணிய களிமண்ணை முதலில் பூசி, பின் தடித்த பூச்சுகளை ஏற்றி, உலர்த்திச் சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்ற வேண்டும். மெழுகின் எடையைப் போல எட்டு அல்லது பத்து மடங்கு செம்போ பித்தளையோ வேண்டும் என்று அந்நூல் கணக்கும் தருகிறது. உலோகம் ஆறியபின் களிமண் கூட்டை உடைத்தால்தான் படிமம் வெளிவரும். ஒரு கூட்டில் ஒரு படிமம் மட்டுமே பிறக்கும். கூடு ஒரே உடலாக மெழுகைச் சூழ்ந்திருப்பதால் இரு பாதிகள் சேரும் இடம் என்று ஒன்று அதில் கிடையாது.

இதிலிருந்து முதல் சோதனை பிறக்கிறது. ஆசிரியரின் அம்மனைச் சாளரத்தருகே கொண்டு சென்று, ஒளி பக்கவாட்டில் விழுமாறு திருப்பிப் பார்த்தேன். தோளிலும் இடுப்பின் வெளிப்புறத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வலக்கைக்கும் இடுப்புக்கும் இடையே உள்ள குறுகிய இடைவெளியில், அரம் நுழைய முடியாத இடத்தில், மயிரிழை அளவு மேடாக ஒரு நேர்க்கோடு அக்குளிலிருந்து கீழே இறங்கியது. இடப்பக்கத்திலும் அதே உயரத்தில், அதே தளத்தில் அதன் இணை இருந்தது. உடலை முன், பின் என இரண்டாகப் பகுக்கும் தளம் அது. இரு பாதி அச்சு சேர்ந்த இடத்தின் வடு.

இத்தகைய வடு இரு வழிகளில் தோன்றும். பித்தளைச் சாமான் வார்ப்பது போல இரு பெட்டி மணல் அச்சில் வார்த்திருந்தால் பெட்டிகள் சேரும் இடத்தில் உலோகம் கசிந்து இம்மேட்டை உண்டாக்கும். அல்லது ஏற்கெனவே உள்ள ஒரு படிமத்தின்மேல் ரப்பரிலோ சுண்ணச்சாந்திலோ இரு பகுதி அச்சு எடுத்து, அதில் மெழுகை ஊற்றிப் பிரதி எடுத்து, பிறகு அந்த மெழுகை வழக்கமான முறையில் வார்த்திருக்கலாம். இந்த இரண்டாம் வழியில் மெழுகின் மேல் இருந்த கோடு உலோகத்திற்கும் அப்படியே வந்துவிடும். வெளியே தெரியும் இடங்களை அராவித் தேய்ப்பார்கள். கை நுழையாத இடம்தான் சாட்சியாக எஞ்சும்.

இரண்டாம் வழிக்கு வேறு அடையாளங்களும் உண்டு. மெழுகும் குளிரும்போது சுருங்கும், வெண்கலமும் சுருங்கும். வெண்கலம் மட்டுமே ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை சுருங்குவதால், 40 செ.மீ. உயர மூலத்தின் பிரதி அரை செ.மீ.க்கும் மேல் குறைந்தே நிற்கும். மூலத்தின் அளவுகள் பதிவாகியிருந்தால் இதை நேரடியாக ஒப்பிடலாம். மேலும் முக்கியமாக, மூலத்தின் காயங்களும் பிரதியில் வார்ப்பாகிவிடும். நூற்றாண்டுகள் அபிடேகம் கண்டு, புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கப்பட்ட படிமத்தில் மூக்கு, முலை, முழங்கால் போன்ற எழுந்த பகுதிகள் அனைத்தும் ஒருங்கே மழுங்கும். ஆசிரியரின் அம்மனில் மூக்கும் உதடும் மழுங்கியிருந்தன. அவற்றைவிட முன்னே எழுந்து நின்ற கழுத்தணியின் மணிகளோ கூர்மையாக இருந்தன. கை முகத்தைத் தேய்த்து அணியைத் தொடாமல் விட்டிருக்க இயலாது. முகத்தின் தேய்வு வேறொரு படிமத்தினுடையது. அணியின் கூர்மை அண்மைக் காலத்து உளியினுடையது.

உளித்தடத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சு கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். முற்காலச் சோழப் படிமங்களில் நுட்பங்கள் பெரும்பாலும் மெழுகிலேயே முடிக்கப்பட்டவை. மெழுகில் இழுத்த கோட்டின் அடிப்பகுதி மென்மையாக வளைந்திருக்கும், விளிம்பு உருண்டிருக்கும். ஆறிய உலோகத்தில் உளியால் வெட்டிய கோடு கூரான அடியும் செங்குத்தான சுவரும் கொண்டது. விளிம்பில் பிசிறு எழும்பும். பிற்காலத்தில் உலோகத்தில் செதுக்குவது மிகுந்தது என்பதால், உளித்தடம் இருப்பது மட்டுமே போலிக்குச் சான்றாகாது. காலம் பற்றிய உரிமைகோரலோடு அது முரண்படுகிறதா என்பதே கேள்வி. ஆனால் பீடத்தின் அடிப்பக்கத்தைத் திருப்பியபோது ஐயத்திற்கு இடமே இல்லை. ஒரே சீரான வளைவில், நெருக்கமாக, இணைகோடுகளாகப் பரவிய கீறல்கள் மின்விசையால் சுழலும் தேய்ப்புச் சக்கரத்தின் தடங்கள். திருவாசி பொருத்த வேண்டிய துளைகள் அரை விரற்கடை ஆழத்தோடு நின்றுவிட்டன. அவற்றில் எந்தத் திருவாசியும் ஒருநாளும் நின்றதில்லை.

இனிப் பச்சைக்கு வருவோம். மண்ணில் நெடுங்காலம் கிடந்த வெண்கலத்தில் துரு வெளியிலிருந்து ஒட்டுவதில்லை. உலோகமே மாறி உள்ளிருந்து வளர்கிறது. உலோகத்தை அடுத்து செம்பின் சிவந்த ஆக்சைடு படலமும், அதன்மேல் பச்சைக் கார்பனேட்டும் படிப்படியாக அமைகின்றன. துரு உலோகத்தின் மணிகளுக்கிடையே ஊடுருவியிருப்பதால் பச்சையை மட்டும் தனியே உரிக்க முடியாது. உப்பு, காடி, அம்மோனியா போன்றவற்றால் சில வாரங்களில் வருவிக்கும் பச்சை மேற்பரப்பில் தூளாக நிற்கும். சிலர் பசையில் நிறமி கலந்து பூசிவிடுவதும் உண்டு. ஆசிரியரின் இசைவோடு பீடத்தின் அடியில், மறைவான இடத்தில், அசிட்டோனில் நனைத்த பஞ்சை ஒருமுறை மட்டும் ஒற்றினேன். பஞ்சு பச்சையாகியது. கீழே சிவப்புப் படலம் இல்லை. மஞ்சள் பளபளப்பு மட்டுமே இருந்தது. பித்தளை. உளியின் பிசிறுகள் மீதும் சக்கரக் கீறல்கள் மீதும் அதே பச்சை இருந்தது. வார்ப்பு, செதுக்கல், தேய்ப்பு, பச்சைப் பூச்சு என்ற வரிசை முழுவதும் ஒரே பட்டறையில் நடந்திருக்கிறது.

இங்கே சில எச்சரிக்கைகள் தேவை. பச்சை இல்லாமை போலிக்குச் சான்றன்று. புதையாமல் வழிபாட்டிலேயே இருந்த படிமம் பழுப்பாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். புதைந்ததைக்கூடச் சுத்தம் செய்திருக்கலாம். அச்சு வடு இல்லாமை தொன்மைக்குச் சான்றன்று. சுவாமிமலையில் இன்று மெழுகு வார்ப்பில் செய்யப்படும் புதிய படிமத்திலும் வடு இராது. அதைப் புதியதென்று சொல்லி விற்கும் ஸ்தபதி எவரையும் ஏமாற்றவில்லை. தென்னிந்தியப் படிமங்கள் பெரும்பாலும் கனமாக வார்க்கப்பட்டவை. உள்ளே சுட்ட களிமண் கரு இல்லை. எனவே மண்கருவைக் கொண்டு காலம் கணிக்கும் வெப்ப ஒளிர்வு முறை இங்கே பெரும்பாலும் உதவாது. ஒரே ஓர் அடையாளத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லாமல், அடையாளங்கள் ஒன்றோடொன்று முரண்படும் இடத்தைத் தேடுவதே நமக்குள்ள வழி.

கண்ணால் காணும் இத்தகைய ஒப்பீடு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்குச் சிவபுரம் நடராசர் சான்று. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951 இல் நிலத்திலிருந்து கிடைத்த படிமங்களுள் அதுவும் ஒன்று. 1950களின் நடுப்பகுதியில் செப்பனிடுவதற்காக வெளியே சென்றது. திரும்பி வந்து கோயிலில் நின்றது பிரதி. மூலம் தனியார் கைக்குப் போயிற்று. பத்தாண்டுக் காலம் ஊரார் பிரதியை வணங்கினர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட் 1965 இல் வெளியிட்ட முற்காலச் சோழ வெண்கலங்கள் பற்றிய நூலில்தான், கோயிலில் இருப்பது தற்காலப் பிரதி என்ற செய்தி உலகறிய வந்தது. 1973 இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் மூலத்தை வாங்கினார். வழக்கும் உடன்பாடும் கடந்து 1986 இல் அது இந்தியா திரும்பியது. அங்கே பிரதியின் வேலை பழையதென்று விலைபோவது அன்று. பழையது விலைபோனதை மறைப்பது. ஆகவே ஒரு பிரதியை இனங்கண்டவுடன் ஆய்வு முடிந்துவிடுவதில்லை. இது எந்த மூலத்தின்மேல் அச்செடுக்கப்பட்டது, அந்த மூலம் இன்று எங்கே இருக்கிறது என்ற கேள்வி அப்போதுதான் தொடங்குகிறது.

ஆசிரியரிடம் இதை எப்படிச் சொல்வது என்று சற்றுத் தயங்கினேன். அவர் ஓய்வூதியச் சேமிப்பில் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தார். நான் சொல்லி முடித்ததும், "அப்படியானால் ஏமாந்துவிட்டேன்" என்றார். "ஐயா, விற்றவர் சொன்னது உண்மையாக இருந்திருந்தால் நிலைமை இதைவிட மோசம்" என்றேன். புதையல் சட்டப்படி நிலத்தில் கிடைத்த பொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தாக வேண்டும். 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட படிமம் தொல்பொருள். உரிமம் இல்லாதவர் அதை விற்கும் தொழில் செய்ய இயலாது. வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். தலக்காட்டு மணலிலிருந்து வந்ததாகச் சொல்லிப் பதிவின்றி விற்கப்படும் படிமம் போலியாக இருந்தால் வாங்கியவர் ஏமாந்தவர். உண்மையாக இருந்தால் அவர் கையில் இருப்பது களவுப்பொருள். மூன்றாவது வாய்ப்பு இல்லை.

படிமத்தின் நான்கு பக்கங்களையும், அடிப்பீடத்தையும், அக்குளுக்குக் கீழுள்ள வடுவையும் அளவுகோலோடு படமெடுத்து வைத்திருக்கிறேன். அம்முகத்தின் தேய்வு எங்கோ ஒரு கோயிலில் பல தலைமுறைகளின் கைகளால் உண்டானது. அதே முகச்சாயலில், சிறிதளவு கூடுதல் உயரத்தில் உள்ள அம்மனைப் பழைய புகைப்படத் தொகுப்புகளிலோ கோயில் படிமப் பதிவுகளிலோ கண்ட ஆய்வு மாணவர்கள் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.