ஓலைச்சுவடி போட்டோ வந்தால் எழுத்தைப் படிக்கும் முன் எதைப் பார்க்கணும்? துளையும் பூச்சி ஓட்டையும் காட்டிக்கொடுக்கும் விஷயங்கள்

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கம் ஒரு பழைய வீட்டின் பரணைச் சுத்தம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். துணியில் சுற்றிய ஒரு ஓலைக்கட்டு கிடைக்கிறது. கயிறு இற்றுப்போயிருக்கிறது, ஏடுகள் கலைந்திருக்கின்றன. வீட்டில் ஒருத்தர் மேலே கிடந்த ஏட்டை மட்டும் போட்டோ எடுத்து, "2,000 வருஷப் பழமையான சுவடி, யாராவது படிச்சுச் சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் போடுகிறார்.

எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் ஒரு எழுத்துகூடப் படிக்காமலே அந்தப் போட்டோவிலிருந்து நிறைய விஷயம் தெரிந்துகொள்ளலாம். எங்கே பார்க்கணும் என்று தெரிந்தால் போதும்.

அது 2,000 வருஷப் பழமையா?

நிச்சயமாக இருக்காது. நம்ம ஊர் வெயில், ஈரம், பூச்சி எல்லாவற்றையும் தாங்கி ஒரு பனையோலை சில நூறு வருஷம் இருந்தாலே பெரிய விஷயம். இன்று தமிழ்நாட்டில் கையில் கிடைக்கும் ஏடுகளில் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்டவைதான்.

அப்படியானால் சங்க இலக்கியம் எப்படி வந்தது? பழைய ஏடு சிதையத் தொடங்கியதும் புது ஏட்டில் பார்த்து எழுதினார்கள். அதுவும் சிதைந்ததும் மறுபடி எழுதினார்கள். ஆகவே நூலின் வயது வேறு, ஓலையின் வயது வேறு. போட்டோவில் நாம் பார்ப்பது ஓலையை.

ஓலை எப்படித் தயாரானது?

ரொம்ப இளசாகவும் இல்லாமல் முற்றியும் போகாமல் இருக்கும் பனையோலையை வெட்டி, நடு ஈர்க்கை நீக்கி, நிழலில் காயவைப்பார்கள். பிறகு வெந்நீரில் வேகவைத்து, மறுபடி காயவைத்து, சங்கு அல்லது வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். மஞ்சள் சேர்த்து வேகவைப்பதும் உண்டு. இதற்குப் பாடம் செய்தல் என்று பெயர். கடைசியில் ஒரே நீள அகலத்துக்கு ஓரத்தை நறுக்குவார்கள்.

போட்டோவில் முதலில் அகலத்தைப் பாருங்கள். மூன்று, நான்கு சென்டிமீட்டர் அகலத்தில், கொஞ்சம் தடிப்பாக இருந்தால் அது நம்ம நாட்டுப்பனை. அதைவிட நல்ல அகலமாகவும் மெல்லிசாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருந்தால் தாளிப்பனையாக இருக்கலாம்.

அடுத்து ஓரம். வரியின் கடைசி எழுத்து பாதியில் வெட்டுப்பட்டு, வெட்டும் கத்தியால் அறுத்த மாதிரி நேராக இருந்தால், எழுதி முடித்து ரொம்ப நாள் கழித்து யாரோ அந்த ஏட்டை மறுபடி நறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பொடிந்துபோன ஓரத்தை நேர்செய்யவோ, வேறு கட்டோடு சேர்க்கவோ அப்படிச் செய்திருக்கலாம். ஓரம் கோணல்மாணலாக, பல் பட்ட மாதிரி இருந்தால் அது எலி செய்த வேலை.

எழுத்தே தெரியலையே, வெற்று ஓலையா?

அவசரப்பட்டு அப்படி முடிவு செய்ய வேண்டாம். எழுத்தாணி ஓலையைக் கீறத்தான் செய்யும், அதில் நிறம் கிடையாது. எழுதி முடித்த பிறகு விளக்குக்கரியையோ வேறு கரியையோ கோவையிலைச் சாறு மாதிரியான ஒன்றில் குழைத்து ஏடு முழுக்கத் தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிடுவார்கள். கீறலுக்குள் போன கரி மட்டும் தங்கி, எழுத்து கறுப்பாகத் தெரியும்.

அந்தக் கரி காலப்போக்கில் உதிர்ந்துவிட்டால் எழுத்து மறைந்த மாதிரி இருக்கும். கீறல் அப்படியேதான் இருக்கும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழும்படி வைத்துப் படம் எடுத்தால் கீறலுக்குள் நிழல் விழுந்து எழுத்து தெரியும். நேராக ஃபிளாஷ் அடித்தால் அதே ஏடு வழுவழுவென்று வெறுமையாகத் தெரியும்.

இரண்டு துளை எதுக்கு?

நீளமான சுவடிகளில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு துளைகள் இருப்பது வழக்கம். ஒன்றில் கயிற்றைக் கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டைச் சுற்றிக் கட்டுவார்கள். மற்றொன்றில் மூங்கில் அல்லது உலோகக் குச்சி ஒன்றைச் செருகுவார்கள். ஏடுகள் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் அந்தக் குச்சிக்குக் கள்ளாசு என்று பெயர். கயிறு துளையிலிருந்து உருவிக்கொண்டு வராமல் இருக்க அதன் முனையில் ஓலைத்துண்டு, காசு மாதிரி ஏதாவது முடிந்திருக்கும். அது கிளிமூக்கு.

போட்டோவில் துளையைச் சுற்றி எழுத்தே இல்லாமல் ஒரு சின்னக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், துளை போட்ட பிறகுதான் எழுதியிருக்கிறார்கள். கயிறு உரசி எழுத்து அழியும் என்று தெரிந்தே விட்ட இடம் அது. துளை ஒரு எழுத்தின் மேலேயே விழுந்திருந்தால், துளை பின்னால் வந்தது. அந்த ஏட்டை வேறு கட்டில் கோத்திருக்க வாய்ப்பு உண்டு.

முன்பக்கமா, பின்பக்கமா?

நம்ம சுவடிகளில் பக்க எண் கிடையாது, ஏட்டு எண்தான். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணை முன்பக்கத்தின் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் எழுதுவது வழக்கம். 23ஆம் ஏடு என்றால் பழைய முறையில் ௨௰௩ என்று இருக்கும். இரண்டு, பத்து, மூன்று என்று படிக்கணும். ஓரம் முழுசாக இருந்தும் அங்கே எண் இல்லையென்றால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பின்பக்கம்.

எழுத்துக்குள் போனால் இன்னொரு சிக்கல். வரிகள் இடைவெளி இல்லாமல் ஒரே ஓட்டமாக ஓடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. புள்ளி வைத்தால் ஓலையில் பொத்தல் விழும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். பழைய முறையில் குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் ஏட்டில் "பெரது" என்று தெரிவதை பொது, போது, பேரது என்று எப்படியும் படிக்கலாம். எது சரி என்பதை வரியின் பொருளை வைத்துத்தான் முடிவு செய்யணும். ஒரே ஒரு சொல்லை மட்டும் குளோசப் எடுத்து அனுப்பினால் யாராலும் உறுதியாகப் படிக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

பூச்சி ஓட்டை எப்படி உதவும்?

இப்போது திருமயம் கட்டுக்கு வருவோம். ஏடுகள் கலைந்துவிட்டன. இடது ஓரம் பொடிந்து எண்களும் போய்விட்டன. வரிசையை எப்படிக் கண்டுபிடிப்பது?

சுவடியைத் துளைக்கும் வண்டுப்புழு ஏடு ஏடாக உட்கார்ந்து தின்பதில்லை. கட்டு மூடியிருக்கும்போது மேலிருந்து கீழாகச் சுரங்கம் மாதிரி குடைந்துகொண்டு போகும். ஆகவே அடுத்தடுத்த ஏடுகளில் ஓட்டை கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருக்கும். சுரங்கம் சாய்வாகப் போனால் ஒவ்வொரு ஏட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும்.

ஐந்து ஏடுகளின் முன்பக்கப் போட்டோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் ஓட்டை இடது துளையிலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. மற்றவற்றில் 26, 22, 28, 24. அளவுப்படி அடுக்கினால் 20, 22, 24, 26, 28 என்று வரிசை கிடைத்துவிடும். 20 முதல் ஏடா, கடைசி ஏடா என்பதை ஓட்டை சொல்லாது. ஒரு ஏட்டின் கடைசி வரியும் அடுத்த ஏட்டின் முதல் வரியும் பொருந்துகிறதா என்று படித்துத்தான் பார்க்கணும்.

இதே முறையில் இரண்டு போட்டோ ஒரே ஏட்டின் இரு பக்கமா என்றும் சோதிக்கலாம். சுவடியை நோட்டுப் புத்தகம் மாதிரி இடவலமாகத் திருப்புவதில்லை, கீழ் ஓரத்தை மேலே தூக்கித் திருப்புவார்கள். அதனால் முன்பக்கத்தில் கீழ் ஓரத்தை ஒட்டி இருந்த ஓட்டை, பின்பக்கத்தில் மேல் ஓரத்தை ஒட்டித் தெரியணும். இடது துளையிலிருந்து உள்ள தூரம் மாறக்கூடாது. மாறினால் அவை இரண்டும் வேறு வேறு ஏடுகள்.

எந்த ஓட்டையும் பொருந்தாத ஒரு ஏடு இருந்தால், அது வேறு கட்டிலிருந்து வந்து சேர்ந்ததாக இருக்கலாம். தண்ணீர்க் கறைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். எல்லா ஏட்டிலும் ஒரே மூலையில் கறை இருந்தால், நனைந்தபோது அவை ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

முதலும் கடைசியும் ஏன் இல்லை?

கட்டில் அதிகம் அடிபடுவது மேல் ஏடும் கீழ் ஏடும்தான். நூலின் பெயர் பெரும்பாலும் முதல் ஏட்டில் இருக்கும். எழுதி முடித்த வருஷம், மாதம், எழுதியவர் பெயர் கடைசி ஏட்டில் இருக்கும். அவை இரண்டும் போனால் நூலின் அடையாளமே போய்விடுகிறது. கடைசி ஏடு கிடைத்தாலும் அதில் "பிரபவ வருஷம்" என்று மட்டும் இருந்தால் அது 1807, 1867, 1927 இதில் எதுவாகவும் இருக்கலாம். 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருமே!

பதிற்றுப்பத்தில் நடந்ததும் இதுதான் என்று கருத இடமுண்டு. பத்துப் பத்தாக 100 பாடல்கள் கொண்ட நூல் அது. உ.வே.சாமிநாதையர் 1904இல் அதைப் பதிப்பித்தபோது முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. நமக்கு முழுசாகக் கிடைத்தவை நடுவில் உள்ள 80 பாடல்கள்தான். கிடைத்த பிரதிகள் எல்லாவற்றிலும் அதே இரண்டு முனைகள் குறைவது, அவற்றுக்கெல்லாம் மூலமான ஒரு பழைய சுவடியிலேயே முன்னும் பின்னும் போயிருக்கணும் என்று நினைக்க வைக்கிறது. காணாமல் போன பாடல்களில் சில, மற்ற நூல்களும் உரைகளும் மேற்கோளாக எடுத்தாண்டதால் மட்டும் தப்பின.

உங்க வீட்டில் சுவடி இருந்தால்

கயிறு அறுந்திருந்தால் புதுக்கயிறு கோக்க வேண்டாம். ஏடுகள் இப்போது இருக்கும் வரிசையிலேயே, கலைந்திருந்தாலும் அப்படியே, ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், ஏட்டின் நான்கு ஓரமும் துளைகளும் படத்தில் தெரியணும்.

எழுத்து தெரியவில்லை என்று மஞ்சளோ எண்ணெயோ தடவாதீர்கள். நூலகங்களில் சிட்ரோனெல்லா எண்ணெய் பூசுவது பழகியவர்கள் அளவாகச் செய்யும் வேலை. வீட்டில் அதிகமாகப் பூசினால் தூசி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிப்போன ஏடுகளைப் பிய்க்க வேண்டாம், செலோடேப் ஒட்ட வேண்டாம். உதிர்ந்த துண்டுகளை ஒரு காகித உறையில் போட்டு அதே கட்டோடு வையுங்கள். ஏட்டு எண் அந்தத் துண்டில் இருக்கலாம்.

புதுக்கோட்டைக்காரர்கள் யோசனை கேட்க, திருகோகர்ணத்தில் 1910 முதல் இயங்கும் அரசு அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. போகும்போது மேலே கிடந்த அழகான ஒரு ஏட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். கட்டின் முழுப் படங்களையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.