குழந்தைகளுக்கு காதில் நீர் கோர்ப்பது ஏன்? 'குரோமெட்' ஆபரேஷனுக்குப் பிறகு கடலில் குளிக்கலாமா?

"கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா, டிவி சத்தத்தை மட்டும் கூட்டிக்கிட்டே போறா" என்று பெற்றோர் சொல்வதுண்டு. பிடிவாதம் என்று நினைப்பார்கள். ஆனால் காதுக்குள் நீர் கோர்த்திருக்கலாம். இதில் பெரும்பாலும் வலியோ, காய்ச்சலோ, சீழோ இருக்காது. அதனால்தான் பல மாதங்கள் யாருக்கும் தெரியாமல் போகிறது.

கடல் தண்ணீர்தான் காரணமா?

ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் குழந்தைகள் கடலில் ஆடுவது சகஜம். "கடல் தண்ணி காதுல போயிடுச்சு" என்பதே பலரின் முதல் சந்தேகம். அது சரியல்ல. செவிப்பறை ஓட்டையில்லாமல் இருந்தால் வெளியிலிருந்து போகும் தண்ணீர் அதைத் தாண்டாது. நீர் கோர்ப்பது செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுக்காதில்.

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. அதன் வழியாகத்தான் உள்ளே காற்று போய் வரும். குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருக்கும். சளி பிடித்தாலோ, மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கினாலோ அது அடைபடும். காற்று போகாததால் உள்ளே நீர் சுரந்து தேங்கிவிடும்.

உடனே ஆபரேஷன் தேவையா?

தேவையில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு 3 மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடும். உதாரணத்துக்கு, 5 வயது சிறுமி ஒருத்திக்கு ஜூன் மாதம் நீர் இருப்பது தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். காதுக்குள் காற்றழுத்தம் கொடுத்து செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கும் டெஸ்டில் கோடு தட்டையாக வருகிறது. அப்படியென்றால் செவிப்பறை அசையவில்லை. டாக்டர் காத்திருக்கச் சொல்வார்.

செப்டம்பரில் மறுபடி பார்க்கும்போதும் இரண்டு காதிலும் அதே கோடு. கேட்கும் திறனும் 30 டெசிபல் குறைந்திருக்கிறது. அந்த அளவில் கிசுகிசுப்பது கேட்கவே கேட்காது. சாதாரணமாகப் பேசுவது கிசுகிசுப்பதுபோல் கேட்கும். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தால் பாடம் பாதிதான் புரியும். இந்தக் கட்டத்தில்தான் குரோமெட் பற்றிய பேச்சு வருகிறது.

ஆபரேஷனில் என்ன செய்வார்கள்?

குரோமெட் என்பது நடுவில் துளையுள்ள, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள குட்டி பிளாஸ்டிக் குழாய். குழந்தை அசையக்கூடாது என்பதால் முழு மயக்க மருந்து கொடுப்பார்கள். 6 மணி நேரத்துக்கு முன்பிருந்தே சாப்பாடு, பால் கூடாது. வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பு நிறுத்த வேண்டும்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி செவிப்பறையில் சின்னதாகக் கீறி, உள்ளே இருக்கும் நீரை உறிஞ்சி எடுத்து, அந்தக் கீறலில் குரோமெட்டைப் பொருத்துவார்கள். வெளியே வெட்டோ தையலோ கிடையாது. பொதுவாக 15 நிமிட வேலைதான். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். அடினாய்டையும் சேர்த்து எடுத்தால் நேரம் கூடும்.

இப்போதுதான் தண்ணீரில் கவனம் தேவை

முன்பு மூடியிருந்த செவிப்பறையில் இப்போது ஒரு வாசல் இருக்கிறது. அதனால் முதல் 2 வாரம் காதில் தண்ணீரே படக்கூடாது. தலைக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை காதில் வையுங்கள். சோப்பு, ஷாம்பு கலந்த தண்ணீர் சின்னத் துளையிலும் சுலபமாக நுழைந்துவிடும்.

அதன்பின் டாக்டர் சம்மதித்தால் கடலில் தலையை மேலே வைத்து குளிக்கலாம். முங்கு நீச்சல், பாலத்திலோ படகிலோ இருந்து குதிப்பது வேண்டாம். ஊருணி, கண்மாய் போன்ற தேங்கிய நீரையும் தவிர்க்க வேண்டும். கோயிலில் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள் என்பதால் அங்கேயும் காதில் வாசலின் பஞ்சு அவசியம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

முதல் ஓரிரு நாள் லேசாக ரத்தம் கலந்த நீர் வரலாம். அதன்பின் மஞ்சளாகவோ நாற்றத்துடனோ ஒழுகினால் தொற்று என்று அர்த்தம். டாக்டர் தரும் சொட்டு மருந்திலேயே பெரும்பாலும் சரியாகும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தை விடாதீர்கள். சில மருந்துகள் துளை வழியாக உள்ளே போனால் கேட்கும் நரம்பையே பாதிக்கும். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் கூடாது.

குரோமெட் 6 மாதம் முதல் ஒரு வருடத்தில் தானாகவே வெளியே வந்துவிடும், துளையும் மூடிக்கொள்ளும். 100 பேரில் சுமார் 2 பேருக்கு மூடாமல் போகலாம். சிலருக்கு மீண்டும் நீர் கோர்த்து இன்னொரு முறை வைக்க வேண்டி வரும். அதனால் குழந்தைக்கு நன்றாகக் கேட்க ஆரம்பித்தாலும், குரோமெட் விழுந்து செவிப்பறை மூடும் வரை 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை காதைக் காட்டுவதை நிறுத்தக்கூடாது.