ஓட்டுநர் பயிற்சிக்குக் கார் வாங்குமுன் கிளட்ச்சை மிதித்துப் பாருங்கள்

மேனுவல் கார் லைசென்ஸ் எடுக்கப் போனவர்கள் பலருக்கு மைதானத்தில் உள்ள அந்தச் சிறிய மேட்டின் நினைவு இன்னும் இருக்கும். மேட்டில் ஏறி, கோட்டுக்குள் நிறுத்தி, பின்னால் உருளாமல் மீண்டும் கிளம்ப வேண்டும். கிளட்ச்சைக் கொஞ்சம் வேகமாக விட்டால் இன்ஜின் அணைந்துவிடும். தயங்கினால் கார் பின்வாங்கும். மறுதேர்வு என்றால் மீண்டும் கட்டணம் கட்டி, வேலைக்கு ஒரு நாள் விடுப்பும் எடுக்க வேண்டும்.

அப்படித் தோற்றவர் தனக்கு ஓட்ட வரவில்லை என்றே நினைத்துக்கொள்கிறார். ஆனால், பாதிக் குற்றம் காருடையதாக இருக்கலாம். தேய்ந்து இறுகிப்போன கிளட்ச்சில் அனுபவசாலிக்கே மேட்டில் கிளம்புவது சிரமம். ஆகவே பயிற்சிக்கென ஒரு காரைத் தேர்ந்தெடுப்பவர் நிறத்தையும் விலையையும் பார்க்குமுன் இடது காலடியில் இருக்கும் அந்த மிதியைப் பார்க்க வேண்டும்.

நல்ல பயிற்சிக் காரின் கிளட்ச் லேசாக இருந்தால் மட்டும் போதாது. அது எந்த இடத்தில் 'பிடிக்கிறது' என்பதுதான் முக்கியம். மிதியை முழுதாக அமுக்கி, முதல் கியர் போட்டு, மெதுவாக விடும்போது ஓரிடத்தில் இன்ஜினின் சத்தம் சற்றே தாழும். காரின் முன்பக்கம் லேசாக எழும்பும். அதுவே பிடிக்கும் இடம். அந்த இடம் மிதி தரையிலிருந்து எழும் தூரத்தில் நடுப்பகுதியில் இருந்தால், கற்பவர் குதிகாலைத் தரையில் ஊன்றியபடி பாதத்தை மட்டும் அசைத்துச் சமாளிக்கலாம். மிகவும் மேலே இருந்தால் குதிகால் தரையை விட்டு எழும்பிவிடும். முழங்காலைத் தூக்கி, முழுக் காலையும் அந்தரத்தில் பிடித்திருக்க வேண்டியிருக்கும். சில நிமிடத்தில் தொடை நடுங்கும். நடுங்கும் காலால் மேட்டில் நுணுக்கமாகக் கிளட்ச் விட முடியாது. உயரம் குறைந்தவர்களுக்கு இது இன்னும் கடினம்.

பிடிக்கும் இடம் ஏன் மேலே போகிறது? சிறிய கார்களில் கிளட்ச் பெரும்பாலும் கேபிளால் இயங்குகிறது. உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டு தேயத் தேய, மிதியின் மேல்முனையில் இருக்கும் அந்தச் சிறிய 'சும்மா அசைவு' குறையும். பிடிக்கும் இடம் மெல்ல மேலேறும். மிதியும் கனக்கும். தினமும் அதே காரில் உட்காரும் பயிற்றுநருக்கு இந்த மாற்றம் தெரிவதில்லை, கால் பழகிவிடுகிறது. புதிதாக வருபவருக்குத்தான் தெரியும், ஆனால் அவருக்கு ஒப்பிட வேறு கார் கிடையாது.

பார்வையிடும்போது செய்யக்கூடிய எளிய சோதனைகள் உண்டு. சமதரையில் ஏர்கோனையும் போட்டுவிட்டு, எண்ணெய் மிதியைத் தொடாமல், கிளட்ச்சை மட்டும் மிக மெதுவாக விட்டுப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள கார் அணையாமல் ஊர்ந்து நகரும். நகராமல் குலுங்கி அணைந்தால், அல்லது பிடிக்கும் இடத்தில் கார் உதறினால், கிளட்ச்சிலோ இன்ஜினின் சும்மா ஓட்டத்திலோ கோளாறு இருக்கிறது. அடுத்து, கைப்பிரேக்கை இறுக்கி, நான்காம் கியரில் கிளட்ச்சை விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் தட்டு நன்றாகப் பிடிக்கிறது. அணையாமல் சுழன்றுகொண்டே இருந்தால் தட்டு வழுக்குகிறது. இந்தச் சோதனையை ஒரே முறை செய்தால் போதும். கடைசியாக, கிளட்ச்சை முழுதாக அமுக்கிச் சில வினாடி காத்திருந்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள்.

மிதி கனக்கிறது என்பதற்காக உடனே தட்டை மாற்றச் சொல்லும் போமனை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பல நேரங்களில் கேபிள் உள்ளே காய்ந்தோ இழை பிரிந்தோ இருக்கும். கேபிளை மாற்றுவது சிறிய வேலை. தட்டை மாற்ற வேண்டுமென்றால் கியர்பெட்டியையே இறக்க வேண்டும். அப்படி இறக்கும்போது தட்டு, அழுத்தத் தட்டு, ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது. பேரிங்கை மட்டும் விட்டுவைத்து, சில மாதத்தில் அது கத்தத் தொடங்கினால், மறுபடியும் அதே கூலி.

இனி உறுதியைப் பற்றிப் பார்ப்போம். பயிற்சிக் காரின் கிலோமீட்டர் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. ஓர் எளிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். மைதானத்தில் நிமிடத்துக்கு ஒரு முறை கிளட்ச் மிதிப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 60 முறை. நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் 480. மாதம் 25 நாள் என்றால் 12,000. அதே மாதத்தில் கார் மெதுவாகச் சுற்றியே வந்திருப்பதால் கடந்த தூரம் சொற்பம்தான். தோட்டத்திலிருந்து நகருக்குத் தினமும் நெடுஞ்சாலையில் போய்வரும் கார் ஒரு பயணத்தில் சில தடவையே கிளட்ச் மிதிக்கிறது. எனவே 60,000 கிலோமீட்டர் ஓடிய பழைய பயிற்சிக் கார், 1,50,000 கிலோமீட்டர் ஓடிய வீட்டுக் காரைவிடக் களைத்திருக்கலாம். விற்பவர் 'குறைந்த மைலேஜ்' என்று பெருமையாகச் சொன்னால், முன்பு அது எங்கே ஓடியது என்று கேட்க வேண்டும். இடப்பக்கத் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் கூடுதல் மிதி பொருத்திக் கழற்றிய துளைகள் பதில் சொல்லும்.

இதே காரணத்தால் இன்ஜின் எண்ணெயையும் கிலோமீட்டரைப் பார்த்து மாற்றாமல் மாதக்கணக்கில் மாற்ற வேண்டும். வெயிலில் ஏர்கோனோடு மணிக்கணக்கில் ஊர்ந்து ஓடும் இன்ஜினுக்குத் தூரம் குறைவு, உழைப்பு அதிகம்.

எந்தக் கார்? மலேசியப் பயிற்சி மைதானங்களில் முன்பு பெரோடுவா கஞ்சில் நிறைந்திருந்தது. பிறகு விவா வந்தது, அதன்பின் ஆக்சியா. இது தற்செயல் அல்ல. மூன்றுமே மூன்று சிலிண்டர் கொண்ட சிறு இன்ஜின் கார்கள். கிளட்ச் லேசு, உடல் குறுகல், உதிரிப்பாகம் சிறு நகரத்திலும் கிடைக்கும். 2014-இல் வந்த முதல் தலைமுறை ஆக்சியாவின் மேனுவல் வகையான 'ஈ', 2023-இல் ரிம22,000 விலையில் விற்கப்பட்டது. அதன் 1.0 லிட்டர் இன்ஜினில் டைமிங் செயின் இருப்பதால், குறிப்பிட்ட காலத்தில் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. சிறு இன்ஜினுக்கு ஒரு குறையும் உண்டு. தாழ்ந்த சுழற்சியில் அதன் இழுவை குறைவு, ஆகவே எளிதில் அணையும். ஆனால் கற்பவருக்கு அது முழுக் குறை என்று சொல்ல முடியாது. ஆக்சியாவில் அணைக்காமல் கிளம்பக் கற்றவருக்குப் பெரிய கார் எளிதாகவே தோன்றும். மாறாக, இழுவை மிகுந்த காரில் தவறாக மிதித்தாலும் கார் மன்னித்துவிடும், தேர்வில் வேறு கார் கிடைத்தால்தான் தவறு தெரியவரும்.

ஆட்டோ காரை மட்டும் வாங்கிவிடலாமா என்ற கேள்வியும் வருகிறது. 'டிஏ' லைசென்ஸில் ஆட்டோ கார் மட்டுமே ஓட்டலாம், 'டி' லைசென்ஸில் இரண்டும் ஓட்டலாம். லாரி, வேன் வேலைக்குப் போகும் எண்ணம் உள்ள பிள்ளைகள் இன்னும் 'டி' கேட்டே வருகிறார்கள். அவர்களுக்கு மேனுவல் கார் வேண்டும்.

அடுத்தது பயிற்றுநரின் உயிரைப் பொறுத்த விஷயம், இடப்பக்க மிதிகள். மேனுவல் காரில் பயிற்றுநர் பக்கம் பிரேக், கிளட்ச் இரண்டும் தேவை. பிரேக் மட்டும் போதாதா என்று கேட்கலாம். பதறிப்போன கற்பவர் பிரேக் என்று நினைத்து எண்ணெய் மிதியை அழுத்திவிடுவது உண்டு. அப்போது பயிற்றுநர் கிளட்ச்சையும் அமுக்கினால் இன்ஜினின் வேகம் சக்கரத்துக்குப் போகாது, பிரேக் தனியாக வேலை செய்யும். ஆட்டோ காரில் இந்த வசதி இல்லை. அங்கே பயிற்றுநரின் பிரேக் இன்ஜினை எதிர்த்தே காரை நிறுத்த வேண்டும். ஆகவே ஆட்டோ பயிற்சிக் காரில் பிரேக் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும்.

இடப்பக்க மிதிகள் கம்பியாலோ கேபிளாலோ கற்பவரின் மிதிகளோடு இணைக்கப்பட்டிருக்கும். சோதிப்பதற்கு இருவர் வேண்டும். கார் நின்ற நிலையில், இன்ஜினை ஓடவிட்டு, இடப்பக்கம் உட்கார்ந்து பிரேக்கை மிதியுங்கள். வலப்பக்க மிதியும் உடனே கூடவே இறங்க வேண்டும். முதலில் கொஞ்சம் வெறுமனே போய் அப்புறம்தான் அசைந்தால், இணைப்பின் புஷ் தேய்ந்திருக்கிறது அல்லது கேபிள் நீண்டிருக்கிறது. அவசரத்தில் அந்த வெற்று அசைவு முழுவதும் வீணான தூரம். இடப்பக்க மிதி தரையையோ விரிப்பையோ முட்டுமுன் பிரேக் முழுதாகப் பிடித்தாக வேண்டும். பின்னால் நிற்கும் இரண்டாமவர் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்க்கட்டும். காலை எடுத்ததும் மிதி தானாக மேலே திரும்பாவிட்டால், பிரேக் லேசாகப் பிடித்தபடியே கார் ஓடும், சக்கரம் சூடாகும்.

அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்தும் பாருங்கள். சிறிய காரில் சக்கர வளைவு கால்வைக்கும் இடத்துக்குள் புடைத்திருக்கும். மிதி அதற்கு மிக அருகில் இருந்தால், காலை எப்போதும் கோணலாக வைத்திருக்க நேரும். எட்டு மணி நேரம் அங்கேயே உட்காரப் போகிறவர் பயிற்றுநர். முழங்கால் டேஷ்போர்டில் இடிக்காதபடி இருக்கை பின்னால் போகுமா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

மிதிகளை அக்கம்பக்கத்துப் பட்டறையில் இரும்பு வெட்டி ஒட்டவைப்பது ஆபத்து. இன்ஜின் அறைச் சுவரில் துளையிடும்போது பின்னால் ஓடும் வயர்கள் அறுபடலாம். சட்டப்படியும் சிக்கல்தான். பயிற்சி வாகனத்துக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி தேவை, பணம் கொடுக்குமுன் அந்தக் கார் வகையும் அதன் வயதும் ஏற்கப்படுமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

காப்புறுதியும் அப்படியே. தனியார் காருக்கான சாதாரண காப்புறுதி, கட்டணம் வாங்கிக்கொண்டு ஓட்டப் பழக்குவதை ஏற்பதில்லை. வீட்டுக் காரைப் பயிற்சிக்கு மாற்றுபவர் காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் அதைச் சேர்த்துக்கொண்ட பிறகே முதல் மாணவரை வலப்பக்கம் உட்காரவைக்க வேண்டும்.