ஐம்பத்து நான்கு வர்க்கமூலங்கள்

1614-ஆம் ஆண்டு எடின்பரோவில் ஒரு சிறிய லத்தீன் புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் மெர்ச்சிஸ்டன் கோட்டையின் பிரபு ஜான் நேப்பியர். வானியல்காரர்களின் பெரிய தலைவலிக்கு அவர் மருந்து கண்டுபிடித்திருந்தார். ஏழிலக்க எண்ணை ஏழிலக்க எண்ணால் பெருக்கிப் பெருக்கி அவர்கள் களைத்துப் போயிருந்த காலம் அது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பதிலியைத் தேடிக் கொடுத்தார் நேப்பியர். எண்களைப் பெருக்க வேண்டியதில்லை, அவற்றின் பதிலிகளைக் கூட்டினால் போதும். கூட்டி வந்த பதிலிக்கு எந்த எண் சொந்தம் என்று அட்டவணையில் பார்த்தால், அதுவே பெருக்கலின் விடை. இருபது ஆண்டு உழைப்பு அது. ஆனால் அதன் அடியில் ஒரு சின்னப் பிசகு ஒளிந்திருந்தது.

ஒரு கோடியில் தொடங்கி, லட்சத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே ஐம்பது படி இறங்குவது நேப்பியரின் இரண்டாவது துணை அட்டவணை. கடைசிப் படியில் 9995001.224804 வந்திருக்க வேண்டும். அவர் கையில் வந்தது 9995001.222927. தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்றாம் இடத்தில் ஏற்பட்ட வித்தியாசத்தை யார் பொருட்படுத்தப் போகிறார்கள்? ஆனால் அடுத்த அட்டவணை இந்த எண்ணின் மேல்தான் எழுந்தது, அதன்மேல் இன்னொன்று. பத்து மடங்குக்கு உரிய பதிலியை நேப்பியர் எட்டியபோது அது 23025842 என்று நின்றது. சரியான எண் 23025851. ஏழாவது இலக்கம் வரை கறை ஏறிவிட்டது. நேப்பியருக்கோ, புத்தகத்தை வாங்கியவர்களுக்கோ அப்போது அது தெரியாது. லண்டனில் அந்தப் புத்தகத்தை ஓர் ஆள் இரவு பகலாகப் படித்துக்கொண்டிருந்தார்.

கிரெஷாம் கல்லூரியின் வடிவியல் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ்தான் அந்த ஆள். 1615 கோடையில் அவர் எடின்பரோவுக்கே கிளம்பிப் போனார். இருவரும் கால் மணி நேரம் ஒருவரையொருவர் பார்த்தபடி பேச்சில்லாமல் நின்றார்கள் என்று பின்னாளில் ஒரு சோதிடர் எழுதிவைத்தார். உண்மையோ, கட்டுக்கதையோ, ரசமான காட்சிதான். பேச்சு வந்த பிறகு நடந்த விஷயம்தான் முக்கியம். பத்தால் பெருக்க இப்படியொரு அசிங்கமான எண்ணைக் கூட்டுவானேன் என்பது பிரிக்ஸின் கேள்வி. ஒன்றின் பதிலி 0, பத்தின் பதிலி 1 என்று வைத்துக்கொள்ளலாம் என இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அப்படி வைத்தால் நூறின் பதிலி 2, ஆயிரத்தின் பதிலி 3. அழகான ஏற்பாடு. ஆனால் நேப்பியரின் அட்டவணை முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து கணக்கிட வேண்டும். நேப்பியருக்கு உடம்பு முடியவில்லை. 1617 ஏப்ரலில் அவர் காலமானார். வேலை முழுக்கப் பிரிக்ஸின் தலையில் விழுந்தது.

பத்தின் பதிலி 1 என்றால் இரண்டின் பதிலி என்ன? பிரிக்ஸ் பிடித்த வழி எளிமையானது. ஓர் எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்தால் அதன் பதிலி பாதியாகும். வர்க்கமூலத்துக்கு வர்க்கமூலம் என்று எடுத்துக்கொண்டே போனால் எந்த எண்ணும் ஒன்றை நெருங்கும். ஒன்றுக்கு மிக அருகில் வந்துவிட்டால், ஒன்றுக்கு மேல் மிஞ்சியிருக்கும் துளியும் பதிலியும் ஒரே விகிதத்தில் குறையும். ஆகவே பத்துக்கு மிஞ்சும் துளியையும் இரண்டுக்கு மிஞ்சும் துளியையும் ஒப்பிட்டால் இரண்டின் பதிலி கிடைத்துவிடும். வழியில் குறையே இல்லை. குழி இருந்தது நடக்கும் விதத்தில்.

நான்கு தசம இடங்களோடு நிறுத்திக்கொள்ளும் ஒரு சோம்பேறி பிரிக்ஸ் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பத்தின் வர்க்கமூலம் 3.1623. அதன் வர்க்கமூலம் 1.7783. அடுத்தது 1.3335, பிறகு 1.1548, 1.0746, 1.0366, 1.0181, 1.0090, 1.0045, பத்தாவது படியில் 1.0022. இரண்டிலிருந்து தொடங்கினால் 1.4142, 1.1892, 1.0905 என்று இறங்கிப் பத்தாவது படியில் 1.0006. ஒவ்வொரு படியிலும் முழுமைப்படுத்தியது சரியாகத்தான் நடந்தது, எங்கும் தப்பில்லை. மிஞ்சிய துளிகள் 0.0006, 0.0022. வகுத்தால் 0.2727. இரண்டின் உண்மையான பதிலி 0.3010. நூற்றுக்கு ஒன்பது பங்கு போயே போய்விட்டது.

அதே பத்துப் படிகளை ஒன்பது தசம இடங்களோடு இறங்கினால் துளிகள் 0.000677131, 0.002251148 என்று வருகின்றன. வகுத்தால் 0.3008. மிச்சமுள்ள சிறு வித்தியாசமும் முழுமைப்படுத்தியதால் வந்ததல்ல. பத்துப் படி இறங்கியும் ஒன்றை இன்னும் போதுமான அளவு நெருங்கவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் சோம்பேறியின் இலக்கங்கள் எங்கே போயின?

1.0022 என்று எழுதும்போது ஐந்து இலக்கங்கள் கையில் இருப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் கணக்குக்கு வேண்டியது ஒன்றைக் கழித்த மிச்சம். கழித்ததும் கையில் நிற்பது 22 என்ற இரண்டே முக்கிய எண்ணுருக்கள். 1.0006-இல் நிற்பதோ ஒன்றே ஒன்று. 6 என்று எழுதிய இடத்தில் இருந்திருக்க வேண்டியது 6.77. முன்னால் நின்ற ‘1.000’ பார்வைக்கு மட்டும், அதில் தகவல் எதுவும் இல்லை. ஒவ்வொரு படியும் இறங்க இறங்கப் பயனுள்ள இலக்கங்களைப் பூஜ்யங்கள் தின்றுகொண்டே வந்தன. பிரிக்ஸுக்கு வேண்டியது பதினான்கு இலக்க அட்டவணை. அதற்குப் பத்துப் படி போதாது. எத்தனை படி இறங்குவது, பூஜ்யங்களுக்கு எவ்வளவு தீனி போடுவது?

பிரிக்ஸ் பத்துக்கு ஐம்பத்து நான்கு முறை வர்க்கமூலம் எடுத்தார், எல்லாம் கையால். ஒவ்வொரு படியிலும் முப்பதுக்கு மேற்பட்ட தசம இடங்கள். கடைசியில் தாளில் வந்து நின்ற எண் இது:

1.00000000000000012781914932003235

புள்ளிக்குப் பின்னால் பதினைந்து பூஜ்யங்கள். அவற்றைத் தள்ளினால் மிஞ்சுவது பதினேழு முக்கிய எண்ணுருக்கள். அட்டவணையில் அச்சேற வேண்டியவை பதினான்கு. ஆக, முப்பத்திரண்டு இடங்களைச் சுமந்து வந்த மனிதரிடம் கடைசியில் உபரியாக இருந்தவை மூன்றே மூன்று. அந்த மூன்றையும் அவர் கடைசி வரியில்தான் வெட்டினார், அதற்கு ஒரு படி முன்னால்கூட இல்லை. இரண்டுக்கும் இன்னொரு ஐம்பத்து நான்கு படியா என்று யோசித்தபோது அவருக்கு ஒரு குறுக்குவழி அகப்பட்டது.

பத்து இரண்டுகளைப் பெருக்கினால் 1024. அதை 1.024 என்று எடுத்துக்கொண்டால் ஏற்கெனவே ஒன்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நாற்பத்தேழு படிகளே போதும். 1.024-இன் பதிலியோடு மூன்றைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் இரண்டின் பதிலி வந்துவிடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கடைசியில் பத்தால் வகுக்கும்போது அதுவரை சேர்ந்த பிழையும் பத்தில் ஒன்றாகிறது. எதை எப்போது பெருக்குவது, எதை எப்போது வகுப்பது என்று இவ்வளவு கணக்காக யோசித்த மனிதர் ஆக்ஸ்போர்டுக்கு இடம் மாறியும் விடவில்லை. 1624-இல் தடித்த புத்தகம் வெளிவந்தது. 1 முதல் 20,000 வரை, பிறகு 90,000 முதல் 1,00,000 வரை. நடுவில் எழுபதாயிரம் எண்களைக் காணோம்!

அந்தப் பள்ளத்தை நிரப்பியவர் ஹாலந்துக்காரர் அட்ரியான் விளாக். 1628-இல் முழு அட்டவணையையும் அச்சிட்டார், ஆனால் பத்து இலக்கங்களோடு. பிரிக்ஸின் பதினான்கு பத்தானது முதல் வெட்டு. அதன் பிறகு ஏழு, ஐந்து, நான்கு என்று புத்தகம் மெலிந்துகொண்டே வந்தது. சர்வேயருக்கும் மாலுமிக்கும் ஆய்வுக்கூடத்து மாணவனுக்கும் அளந்து கிடைப்பதே மூன்று நான்கு முக்கிய எண்ணுருக்கள்தான். அவர்களுக்கு மெல்லிய புத்தகம் போதும். ஆனால் தடித்த புத்தகங்களை வட்டிக் கணக்குக்காரர்கள் கைவிடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

ஒரு லட்ச ரூபாய், மாதம் ஒரு வட்டி, மாதாமாதம் வட்டிக்கு வட்டி. நூறு மாதத்தில் எவ்வளவு? 1.01-இன் பதிலியை நூறால் பெருக்க வேண்டும். ஏழிலக்கப் புத்தகத்தில் அது 0.0043214. நாலிலக்கப் புத்தகத்தில் 0.0043. விட்டுப்போனது ஒன்றுமேயில்லாத 0.0000214. நூறால் பெருக்கியதும் அது 0.00214 ஆகி மேலே ஏறி வந்தது. மெல்லிய புத்தகம் சொன்ன தொகை 2,69,200. சரியான தொகை 2,70,481. கிட்டத்தட்ட 1,300 ரூபாய் காணாமல் போனது. கடைசித் தொகையை ஆயிரத்துக்கு முழுமைப்படுத்திக்கொண்டாலும் பிழை மறையவில்லை, 269-க்கும் 270-க்கும் இடையில் தெரிந்தது. அதே புத்தகத்தில் 2.37-ஐ 4.16-ஆல் பெருக்கினால் மட்டும் விடை ஒழுங்காக வந்தது. எனவே நாலிலக்கப் புத்தகத்தைப் பள்ளிக்கூடங்கள் கட்டியணைத்துக்கொண்டன.

பிளஸ் டூ இயற்பியல் தேர்வில் கால்குலேட்டர் கூடாது என்று வாங்கி வைத்துவிட்டு, மேசைமேல் வைத்த அந்த ஒல்லிப் புத்தகம் இதுதான். பதிலி என்று இதுவரை சொன்னது மடக்கை, பேச்சு வழக்கில் லாக். ‘லாக் புக்’கில் 2-க்கு நேராக நிற்கும் 3010 என்ற நான்கு இலக்கத்துக்குப் பின்னால் நாற்பத்தேழும் ஐம்பத்து நான்குமாக அத்தனை வர்க்கமூலங்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

இன்றைய கணினியிடம் பிரிக்ஸின் வேலையைக் கொடுத்துப் பார்ப்பதில் ஒரு குறும்பு இருக்கிறது. எக்செல் போன்ற மென்பொருள்கள் ஓர் எண்ணைச் சுமார் பதினாறு முக்கிய எண்ணுருக்களோடு நினைவில் வைக்கின்றன. பத்தில் தொடங்கி ஐம்பத்து நான்கு முறை வர்க்கமூலம் எடுத்தால் அதில் வருவது வெறும் 1. பதினைந்து பூஜ்யங்களுக்கே இடம் சரியாகப் போய்விடுகிறது, 1278-க்கு இடமில்லை. இரண்டில் தொடங்கினாலும் 1. மிஞ்சிய துளிகளை வகுக்கச் சொன்னால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க முடியாமல் திரையில் `#DIV/0!` என்று எழுதிவிட்டு நிற்கிறது.