கறுப்பு மைக்குள் எத்தனை நிறம்? - தாள் வண்ணப்பிரிகை

டொராண்டோவில் எட்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் சென்ற மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். "மாமா, கறுப்பு மையைப் பிரிச்சுக் காட்டச் சொன்னாங்க. எனக்குத் தாள் முழுக்கச் சேறு மாதிரிதான் வந்தது. திங்கட்கிழமை குறிப்பேட்டைக் கொடுக்கணும்." படத்தை அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் காரணம் புரிந்தது. மைப்புள்ளி வைக்க வேண்டிய கோட்டையும் அவள் அதே ஸ்கெட்ச் பேனாவால்தான் போட்டிருந்தாள். தண்ணீர் ஏறியபோது கோடும் கரைந்து மேலே போய், புள்ளியிலிருந்து வந்த நிறங்களை மூடிவிட்டது. கோட்டைப் பென்சிலால்தான் போடவேண்டும். பென்சில் கரி தண்ணீரில் கரையாது.

மறுபடி செய்தோம். காப்பி வடிகட்டும் தாளில் இரண்டரை செண்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை. அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் பென்சில் கோடு. அதன் நடுவில் கடுகளவு மைப்புள்ளி. காய்ந்தபின் அதே இடத்தில் இன்னும் இரண்டு முறை. டம்ளரில் 1 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் தண்ணீர். அது கோட்டைத் தொட்டால் மை தாளில் ஏறாமல் டம்ளருக்குள்ளேயே கரைந்துவிடும். பட்டை டம்ளரின் பக்கங்களில் ஒட்டாமல் தொங்கவேண்டும். தண்ணீர் மேல்விளிம்பை நெருங்கியதும் எடுத்து, ஈரம் எட்டிய எல்லையை உடனே பென்சிலால் குறிக்கவேண்டும். காய்ந்தபின் அது தெரியாது.

இந்த முறை கறுப்பு மூன்றாகப் பிரிந்தது: கீழே இளஞ்சிவப்பு, நடுவில் மஞ்சள், மேலே நீலம்.

ஏன் பிரிகிறது? தாள் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். அந்த இழைகளின் இடுக்குகள் வழியே தண்ணீர் தானாக ஏறுகிறது. ஒவ்வொரு சாய மூலக்கூறும் சற்று நேரம் தண்ணீரோடு போகிறது, சற்று நேரம் இழையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, மறுபடி கிளம்புகிறது. தண்ணீரை விரும்பும் சாயம் அதிக நேரம் பயணத்தில் இருக்கும். இழையை விரும்பும் சாயம் அடிக்கடி நின்றுவிடும். பருத்தித் துணியும் செல்லுலோஸ்தான். சாயம் துணியைப் பற்றுவதும் இங்கே இழையில் நிற்பதும் ஒரே விஷயம்.

இதை அளக்க ஓர் எண் உண்டு, Rf என்பார்கள். சாயம் போன தூரத்தை, தண்ணீர் போன தூரத்தால் வகுக்கவேண்டும். அவளுடைய பட்டையில் தண்ணீர் 8 செ.மீ. ஏறியிருந்தது. நீலம் 7.2, மஞ்சள் 5.6, இளஞ்சிவப்பு 3.6. ஆக 0.90, 0.70, 0.45. ஆனால் அவள் முதலில் இளஞ்சிவப்புக்கு 0.56 என்று எழுதியிருந்தாள். தாளின் அடிவிளிம்பிலிருந்து அளந்து 5.6-ஐ 10-ஆல் வகுத்திருக்கிறாள். ஓட்டம் தொடங்கிய இடம் பென்சில் கோடு, அளவும் அங்கிருந்துதான். தூரத்தை நிறத்திட்டின் நடுப்பகுதி வரை எடுக்கவேண்டும்.

0.45 என்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது. இளஞ்சிவப்புச் சாயம் தன் நேரத்தில் ஏறக்குறைய நூற்றில் நாற்பத்தைந்து பங்கைத் தண்ணீரிலும், மீதியை இழையிலும் கழித்திருக்கிறது. இது அந்தத் தாளுக்கும் அந்தத் தண்ணீருக்கும் உரிய எண். வேறு தாளை எடுத்தாலோ தண்ணீரில் உப்புப் போட்டாலோ மாறிவிடும். ஆகவே இரண்டு பேனாக்களில் ஒரே மைதானா என்று பார்க்க, இரண்டு புள்ளிகளையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட வேண்டும்.

அவளுடைய சிவப்புப் பேனா ஒரே திட்டாகவே ஏறியது. "இதில் ஒரே சாயம்தான் உள்ளது" என்று முடிவில் எழுதியிருந்தாள். அதைத்தான் அடிக்கச் சொன்னேன். சம வேகத்தில் ஓடும் இரண்டு சாயங்களும் ஒரே திட்டாகத்தான் தெரியும். "தண்ணீரில் பிரியவில்லை" என்பதே அவள் கண்டது. நிரந்தர மார்க்கர் மை நகரவே நகராது. அது தண்ணீரில் கரையாத மை. அதற்கு மருந்துக்கடையில் விற்கும் ரப்பிங் ஆல்கஹால் வேண்டும், அதுவும் அடுப்பிலிருந்து தள்ளி.

இந்த முறையைக் கண்டவர் ருஷ்யத் தாவரவியலாளர் மிகாயில் ஸ்வெட். 1903-ல் வார்சாவில், இலைச்சாற்றின் நிறங்களைச் சுண்ணாம்புத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் பிரித்ததை விவரித்தார். ருஷ்ய மொழியில் ஸ்வெட் என்றால் நிறம். குழாயின் இடத்தில் தாளை வைத்து வேலை செய்யும் முறையை 1944-ல் ஆர்ச்சர் மார்ட்டினும் அவருடன் உழைத்தவர்களும் வெளியிட்டார்கள்.

"ஆனா மாமா, டீச்சர் கொடுத்த தாளில் சிவப்புக்கு ஒரே சாயம்னு விடை இருக்கே?" என்றாள். நீ பார்த்ததை மட்டும் எழுது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, அழிரப்பர் எங்கே என்று அம்மாவைக் கேட்டாள்.