வளையம் மூடியது எப்போது? போஸ் கிராஃப் வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

போஸ் கிராஃப் வரலாற்றை லூ, மிலியோஸ் இருவரும் 1997இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்குவது வழக்கம். ரோபோ கடந்துவந்த ஒவ்வொரு நிலையையும் ஒரு கணுவாகவும், இரு நிலைகளுக்கிடையே அளந்த இடப்பெயர்ச்சியை ஒரு விளிம்பாகவும் வைத்து, எல்லாக் கணுக்களையும் ஒருசேரத் திருத்தும் வழியை அவர்கள் காட்டினார்கள். ஆனால் அம்முறை பரவலாக ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்துக்குக் காரணம் என்ன?

கிரிசெட்டி, குயூமர்லே, ஸ்டாக்னிஸ், புர்கார்ட் ஆகியோர் 2010இல் எழுதிய பாடக் கட்டுரை இதற்குத் தரும் விடையே இன்று எங்கும் திரும்பச் சொல்லப்படுகிறது. பிழையைக் குறைக்கும் கணக்கு அன்றைய வழிகளில் மிகக் கனமாக இருந்தது. கணக்கின் அமைப்பு புரிந்து, அடர்த்தி குறைந்த அணிகளைக் கையாளும் உத்திகள் வளர்ந்ததும் தடை நீங்கியது என்பது அவர்கள் வாசிப்பு. இதில் பாதி உண்மை. ஆயிரம் நிலைகள் என்றால் மூவாயிரம் மாறிகள். அவற்றின் அணியை முழுதாக நேர்மாறாக்கினால் மாறிகளின் எண்ணிக்கையின் மும்மடிக்கு ஏற்ப வேலை கூடும். டெல்லார்ட் 2005இலும், ஓல்சன் குழு 2006இலும், கேஸ் குழு 2008இலும் அந்தச் சுமையை இறக்கினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை.

நான் மறுப்பது இதை முழு விடையாக்குவதை. பாடக் கட்டுரை வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. எந்த இரு இடங்கள் ஒன்றே என்று முடிவு செய்வது முன்பகுதி. முடிவான விளிம்புகளை வைத்துக் கணக்கிடுவது பின்பகுதி. பின்பகுதிக்கு வந்துசேரும் விளிம்புகள் சரியானவை என்று எடுத்துக்கொண்டு பாடம் தொடர்கிறது. கற்பிப்பதற்கு அது நல்ல பிரிவினை. வரலாறு எழுதும்போதோ, பின்பகுதியின் வளர்ச்சியையே மொத்த வளர்ச்சியாகக் காணும் பழக்கத்தை அது உண்டாக்கிவிட்டது. உண்மையான முட்டுக்கட்டை, விளிம்பை நம்பலாமா என்ற கேள்வி. அது மிகக் கூர்மையாக எழுவது நீண்ட நடைவழிகளில்.

நடைவழியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். லேசர் ஸ்கேனருக்குத் தெரிவது இரண்டு இணைச்சுவர்கள். அவை ரோபோவின் திசையையும், சுவரிலிருந்து அது நிற்கும் தூரத்தையும் நன்றாகச் சொல்லும். எவ்வளவு முன்னேறியது என்பதைச் சொல்லாது. கடைச்சுவர் எட்டாத தூரத்தில் இருந்தால் ஸ்கேன் பொருத்தி ‘நகரவேயில்லை’ என்ற பக்கம் சாயும். நடைவழி படத்தில் குட்டையாகிவிடும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சதுரமான கட்டடத்தில் எதிரெதிர் நடைவழிகள் ஒரே அளவு குட்டையானால் அந்தப் பிழைகள் ஒன்றையொன்று அடித்துவிடும். வளையம் இடைவெளியின்றி மூடும், படமோ தவறாகவே இருக்கும். வளையம் மூடியது என்பது மட்டும் படம் சரி என்பதற்குச் சான்றாகாது.

இனி நான் முக்கியமாகக் கருதும் ஆவணத்துக்கு வருகிறேன். அது g2o கோப்பின் ஒற்றை வரி. கீழுள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. அமைப்பு அந்தக் கோப்புகளுக்கு உரியது.

```
EDGE_SE2 0 200 4.0 0 0 400 0 0 400 0 36000
```

முதல் இரண்டு எண்கள் கணுக்கள். அடுத்த மூன்றும் அளந்த இடப்பெயர்ச்சியும் திருப்பமும். கடைசி ஆறும் அந்த அளவு எவ்வளவு நுட்பமானது என்பதைச் சொல்பவை; 400 என்றால் 5 சென்டிமீட்டர் திட்டவிலக்கம். இந்த வரியில் இல்லாதது எது? விளிம்பே பொய்யாக இருக்கலாம் என்று குறிக்க ஓர் இடமும் இல்லை.

பக்கத்துக்கு 50 மீட்டர் வீதம் நான்கு நடைவழிகளை ரோபோ சுற்றி, மீட்டருக்கு ஒரு கணு போட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது என்று கொள்வோம். 200ஆம் கணு 0ஆம் கணுவின்மேல் அமர வேண்டும். கதவுகள் 4 மீட்டருக்கு ஒன்றாக ஒரே தோற்றத்தில் இருப்பதால், ஸ்கேன் பொருத்தி ஒரு கதவு தள்ளிப் பொருத்தி மேற்கண்ட வரியை எழுதிவிட்டது. ஒவ்வொரு மீட்டருக்கும் 5 சென்டிமீட்டர் பிழை, திசைப்பிழை இல்லை என்றால், சுற்று முடிவில் ஒரு திசையில் திரளும் திட்டவிலக்கம் சுமார் 0.7 மீட்டர். 4 மீட்டர் முரண் கை-வர்க்க அளவில் 32 வரும்; மூன்று மாறிகளுக்கான 95 விழுக்காட்டு எல்லை 7.8. பொய் உடனே பிடிபடும். மீட்டருக்கு 0.3 பாகை திசைப்பிழையையும் சேர்த்தால் அதே முரண் சுமார் 5.8 ஆகச் சுருங்கி, சோதனையைத் தாண்டிவிடும். மூடிய பிறகு முரண் 200 விளிம்புகளுக்கும் பகிரப்படும். ஒவ்வொன்றின் பங்கு 4 மில்லிமீட்டருக்கும் 0.06 பாகைக்கும் உட்பட்டது. எந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தாலும் குற்றம் தெரியாது. விலகல் கூடக்கூடப் பொய்யான மூடல் நம்பத்தகுந்ததாகிறது என்பதே இதன் பொருள். கணக்கு எவ்வளவு விரைவாக முடிந்தாலும் இது மாறாது.

2012இல் சூண்டர்ஹாஃப், புரோட்செல் இருவரும் முன்வைத்த முறையில் இந்த வரி மாறுகிறது. அவர்களுடைய வெர்டிகோ நிரலில் வரும் பாடபேதம் இது:

```
EDGE_SE2_SWITCHABLE 0 200 201 4.0 0 0 400 0 0 400 0 36000
```

மூன்றாவதாக நுழைந்த 201 ஒரு புதிய மாறியின் எண். அது ஒரு சுவிட்ச். கணக்கு நடக்கும்போதே அந்த விளிம்பின் வலுவைக் குறைக்கவோ அணைக்கவோ செய்யும். அதே ஆண்டில் ஓல்சனும் அகர்வாலும் பல சாத்தியங்களை ஒரே விளிம்பில் வைக்கும் வழியைத் தந்தார்கள். இவை எல்லாம் வேகச் சிக்கல் தீர்ந்த பின் வந்தவை. வேகம் மட்டுமே தடையாக இருந்திருந்தால், அது நீங்கியதும் பொய் விளிம்பைப் பற்றி இத்தனை பேர் எழுத வேண்டிய தேவை ஏன் வந்தது?

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அது வலுவானது. வேகம் கிடைத்ததால்தான் பெரிய தரவுகளில் சோதிக்க முடிந்தது, சோதித்ததால்தான் பொய் விளிம்பின் கேடு தெரிந்தது எனலாம். அப்படியானால் கேடு 2012க்குச் சற்று முன்தான் உணரப்பட்டிருக்க வேண்டும். குட்மனும் கொனோலிகேயும் 1999இல் எழுதிய கட்டுரை அதற்கு இடம் தரவில்லை. பெரிய சுற்றுப்பாதைகளில் படம் வரைய வந்த அவர்கள், ஒரு ஸ்கேனை இன்னொரு ஸ்கேனோடு ஒப்பிடுவதில் நிற்கவில்லை. அண்மையில் எடுத்த பல ஸ்கேன்களை ஒரு படத்துண்டாக்கி, பழைய படத்தின்மேல் வைத்துப் பொருத்தினார்கள். அதில் வேகத்தைத் தேடும் கையைவிட, ஒரு கதவையும் இன்னொரு கதவையும் மயங்காமல் பிரிக்க முயலும் கையையே நான் காண்கிறேன். துண்டு பெரிதானால் அதற்குள் ஒரு மூலையோ சந்திப்போ விழும். மயக்கம் தீர்க்க நடைவழியில் அதைவிட நல்ல சாட்சி இல்லை. இந்த ஒரு கட்டுரையை வைத்துத் திருப்பத்தை 1999இல் நிறுத்த நான் துணியமாட்டேன். வெளியான ஆண்டு, வேலை நடந்த ஆண்டு அல்ல. ஐயம் முன்பே இருந்தது, கோப்பின் வரிக்குள் பின்னர் நுழைந்தது என்ற அளவில் சொல்லலாம்.

சுவிட்சும் முடிவான மருந்து அல்ல. அணைப்பதற்கான தண்டனையை 1 என்று வைத்தால், மேற்சொன்ன பொய் விளிம்பை ஏற்க 5.8 செலவாகும் என்பதால் அது அணையும். தனியாக நிற்கும் உண்மையான மூடலுக்கும் சராசரியாக 3 செலவாகும். கணக்கு அதையும் அணைக்கப் பார்க்கும். பல மூடல்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னால் இது மாறும். ஆனால் ஒரே நடைவழியில் அடுத்தடுத்து எடுத்த பத்துப் பொருத்தங்களும் ஒரே 4 மீட்டர் தவறை ஒருமித்துச் சொல்லக்கூடும்.

இதனால் கோப்பு வரியை மட்டும் பார்த்து ஒரு விளிம்பு மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிக்க முடியாது. போஸ் கிராஃப் தரவுகளை வெளியிடுவோர், ஒவ்வொரு வளைய மூடலுக்கும் காரணமான இரண்டு ஸ்கேன்களையும் உடன் வெளியிட வேண்டும்.